53-ஆம் வவுச்சர் எங்கே?

எங்கள் ஆபீஸில் சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் பெட்டி கேஷ் 5,000 ரூபாய். எப்போது எண்ணினாலும் கையிருப்பும் வவுச்சர்களும் சேர்ந்து 5,000 வர வேண்டும். நேற்று மாலை வவுச்சர் கூட்டல் 3,260, பெட்டியில் 1,620. 120 ரூபாய் இடிக்கிறது! மூன்று தடவை எண்ணினேன். அப்புறம் கட்டைப் புரட்டினால் 52-க்கு அடுத்து நேராக 54. ஆட்டோவுக்குப் பணம் எடுத்தவர் 53-ஐக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சரி, அந்த 120 ரூபாய் வவுச்சர் கிடைத்தது; மொத்தச் செலவு 3,380. இப்போது மேனேஜர், "ரவுண்டாக 3,000 வாங்கிக்கோங்க" என்கிறார். 3,380 செலவுக்கு 3,380-தான் நிரப்ப வேண்டும், சார். 3,000 போட்டால் பெட்டியில் 4,620-தான் இருக்கும். நாளைக்குக் கணக்கு உதைத்தால், அது நீங்கள் தராத 380-ஆ, யாரோ எழுதாத செலவா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?