வாழ்த்தையும் இரங்கலையும் ஒரே வரியில் கோக்காதீர்கள்

"தோழிக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அவள் அப்பா இறந்துவிட்டார். வாழ்த்துவதா, துக்கம் கேட்பதா?"

துக்கம்தான் முதலில். ஆனால் அவளுக்கு எழுதும் முன் கணவரிடமோ உடன்பிறந்தவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிரசவித்த உடம்பு என்று சில வீடுகளில் சாவுச் செய்தியை ஓரிரு நாள் மறைத்து வைப்பதுண்டு. உங்கள் இரங்கல் செய்தியைப் பார்த்து அவளுக்கு விஷயம் தெரியவந்தால், அதைவிடக் கொடுமை வேறில்லை.

தெரியும் என்று உறுதியானதும் சுருக்கமாக எழுதுங்கள்: "அப்பா போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். மனசு தாங்கவில்லை. பதில் எழுத வேண்டாம், போனும் எடுக்க வேண்டாம். பாப்பாவைப் பற்றி நீ சொல்லத் தோன்றும்போது கேட்கிறேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குழந்தையைப் பற்றி யாருமே பேசாவிட்டால், அதைப் பார்த்துச் சிரிப்பதே தப்போ என்று தாய்க்குத் தோன்றிவிடும்.

வாழ்த்தைச் சில நாள் கழித்துத் தனியாக அனுப்புங்கள். இறப்பு தெரியாமல் முன்பே வாழ்த்தியிருந்தால் அதை அழிக்க வேண்டாம். அழித்த தடம்தான் உறுத்தும். கீழே இரங்கலை எழுதினால் போதும்.

"அப்பாவே பிள்ளையாக வந்து பிறந்திருக்கிறார்" என்பதை மட்டும் நீங்களாகச் சொல்லாதீர்கள். (இங்கே அப்பா இறக்கும் முன்பே குழந்தை பிறந்துவிட்டதே!) அவளே சொன்னால் மறுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியார் சொன்னால், அழுகையை நிறுத்தச் சொல்வதுபோல் ஆகிவிடும்.