மூன்றாம் இடம் வேறு, மூன்று பரிசுகள் வேறு

"மூன்று, மூன்றாவது இரண்டும் ஒரே எண்தான். குழந்தைக்குத் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை" என்று சிலர் சொல்வதுண்டு.

தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். ஓட்டத்தில் மூன்றாம் இடம் பெற்ற சிறுமிக்கு முன்னால் இருவர் வந்திருக்கிறார்கள். அவளுக்குக் கிடைப்பது மூன்று பரிசுகள் அல்ல, ஒன்றுதான்.

ஆறு மணிகளை வரிசையாக வையுங்கள். "மூன்று மணிகள் கொடு" என்றால் எந்த மூன்றை எடுத்தாலும் சரி. "இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது மணியைக் கொடு" என்றால் ஒன்றே ஒன்று. குழந்தை மூன்றையும் அள்ளிக் கொடுத்தால், குழப்பம் அங்கேதான் இருக்கிறது. அதே மணி வலப்பக்கத்திலிருந்து நான்காவது. மொத்தம் ஆறு என்பது மட்டும் எப்படி எண்ணினாலும் மாறாது. விரல் வைத்து எண்ணச் சொன்னால் மட்டும் போதாது. எந்த முனையிலிருந்து என்பதையும் சொல்ல வேண்டும்.

இருவர் சேர்ந்து முதலிடம் பெற்றால் அடுத்தவர் இரண்டாமவரா, மூன்றாமவரா என்று கேட்டால், அது போட்டியின் விதியைப் பொறுத்தது.