ஊசியில் ஏற்றும் முன் கேட்க வேண்டிய உதவி

இரவுப் பணியில் உடன் வேலை செய்பவரை உதவிக்கு அழைக்கும் செவிலியரை அனுபவம் போதாதவர் என்று முடிவு கட்டும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இன்னும் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்த வருத்தத்தில் எழுதிய சிறுகதையை இங்கே சுருக்கித் தருகிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. கருங்கல் என்ற ஊரில் இருந்து வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், இன்சுலினைச் சிரிஞ்சில் ஏற்றி எடுத்துப் போய், "பத்து யூனிட், சரிதானே அக்கா?" என்று மூத்த செவிலியரிடம் காட்டுவாள். அவரும் எழுதிக்கொண்டே தலையசைப்பார். ஒருநாள் அவரே நிறுத்திச் சொன்னார்: "ஏத்திட்டு வந்து கேட்டா நானும் சரின்னுதான் சொல்லுவேன் மக்களே. ஏத்துறதுக்கு முன்ன கூப்பிடு. எவ்வளவுன்னு நீ சொல்லாண்டாம், நானே பாக்கேன்."

விடையைச் சொல்லிவிட்டுக் கேட்டால், கேட்கப்பட்டவரின் கண்ணும் அந்த விடையைத்தான் தேடும். சரிபார்த்தல் அங்கேயே பொய்த்துவிடுகிறது.

அடுத்த வாரம், அதிகாலை 2 மணி. குழாய் வழியே உணவு பெறும் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை 310. மருத்துவர் எழுதியிருந்த அளவு 10 யூனிட். அக்கா வேறொரு நோயாளிக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய அவளுக்குத் தயக்கம். ஆனாலும் போய், "அக்கா, முடிச்சதும் அஞ்சாம் கட்டிலுக்கு வரணும், இன்சுலின் பாக்கணும்" என்றாள். வந்தவர் மருந்துச் சீட்டையும் குப்பியையும் சிரிஞ்சையும் தனித்தனியே கையில் எடுத்து வாசித்தார். சிரிஞ்சின் மூடி சிவப்பு. அதாவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கானது. குப்பியிலோ 100 என்று இருந்தது. வழக்கமாக வரும் 40-க்குப் பதில் மருந்தகம் அன்று வேறு குப்பி அனுப்பியிருந்தது.

அந்தச் சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை ஏற்றினால் கால் மில்லி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தில் கால் மில்லி என்பது 25 யூனிட், எழுதியதைப் போல் இரண்டரை மடங்கு. தோலுக்கடியில் போடும் சாதாரண இன்சுலின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். அதாவது விடியற்காலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையே, விழித்திருப்பவரின் உடலும் மிகவும் தளரும் வேளையில், பெரியவருக்குச் சர்க்கரை தாழ்ந்திருக்கும். வியர்வையும் நடுக்கமும்தான் முதல் அறிகுறிகள். தூங்குகிறார் என்று எண்ணிப் போர்வையை இழுத்து மூடிவிட்டால் அவை யார் கண்ணிலும் படாது.

ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு எடுத்து வந்து 10 யூனிட் ஏற்றினார்கள். அக்கா மீண்டும் ஒருமுறை கோட்டைப் பார்த்தபின் ஊசி போடப்பட்டது.

இதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் வார்டில் இரண்டாவது ஆள் வேண்டும். ஒரே செவிலியர் இரவு முழுவதும் தனியாக நிற்கும் வார்டில் அவள் யாரைக் கூப்பிடுவாள்? பக்கத்து வார்டுக்கோ பணி மருத்துவருக்கோ போன் செய்து வரவழைக்கலாம் என்பதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். வருபவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து.