பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு, பக்கத்துக்குப் பக்கம் பி/எஃப்

ஆத்தூர் பக்கத்துக் கிழங்கு மண்டி ஒன்றிலிருந்து மறுபடியும் 38 பக்க லெட்ஜர் பிடிஎஃப்பாக வந்திருக்கிறது. நான் சேலத்தில் ஒரு சேகோ ஆலைக்குக் கணக்கு எழுதுகிறேன். மரவள்ளிக்கிழங்கு லோடு, லாரி வாடகை, நாங்கள் கொடுத்த பணம் என்று எல்லாவற்றையும் எங்கள் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எக்செல்லாக அனுப்பச் சொல்லி எத்தனை முறைதான் கேட்பது? "பிடிஎஃப்ல எல்லாம் இருக்குதுங்களேண்ணா, காப்பி பண்ணிப் போட்டுக்குங்க" என்கிறார் அந்தத் தம்பி.

காப்பி பண்ணிப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது போட்டுப் பார்த்திருப்பாரா? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, விவரம், டெபிட், கிரெடிட் என்ற தலைப்பு வரி. அதற்குக் கீழே முந்தைய பக்கத்திலிருந்து கொண்டு வந்த பி/எஃப். பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்துக்குப் போகும் சி/எஃப். மூன்று பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டெபிட்டில் முதல் பக்கம் 2,10,000, இரண்டாவது 1,65,000, மூன்றாவது 90,000. உண்மையான கூட்டுத்தொகை 4,65,000. ஆனால் சி/எஃப், பி/எஃப், கடைசி மொத்தம் எல்லாம் அதே டெபிட் நெடுவரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியே கூட்டினால் 21,00,000 வருகிறது! மூன்று பக்கத்துக்கே இந்த நிலை என்றால் 38 பக்கத்துக்கு?

எனக்கு ஆத்திரம் வந்தது அதற்கு அப்புறம்தான். அலுவலகத்தில் ஒருவர், தலைப்பு வரிகளைத் தூக்க Remove Duplicates பட்டனை அமுக்கிவிட்டார். பக்க எண் நெடுவரிசையில் மட்டும் டிக்கை எடுத்துவிட்டு அமுக்கினார். தலைப்புகள் போய்விட்டன, பார்க்கச் சுத்தமாக இருந்தது. கூடவே ஒரே நாளில் வந்த இரண்டு லாரிகளின் வாடகையில் ஒன்றும் போய்விட்டது. இரண்டுமே 6,500 ரூபாய், ஒரே விவரம், அந்த மண்டி வவுச்சர் எண்ணும் போடுவதில்லை. இரண்டு வரி ஒரே மாதிரி இருந்தால் ஒன்று பொய் என்று யார் சொன்னது? தலைப்பு வரியைத் தூக்க வேண்டுமென்றால், தேதி நெடுவரிசையில் ‘தேதி’ என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் ஃபில்டர் பண்ணித் தூக்குங்கள்.

பி/எஃப், சி/எஃப் வரிகளை அழித்துவிடுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கிலிருந்து அவற்றை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் குப்பையில் போடக் கூடாது. வேறொரு இடத்தில் பக்கத்துக்கு ஒரு வரியாக வையுங்கள். J-யில் பக்க எண், K-யில் பி/எஃப், L-இல் சி/எஃப். கணக்கு வரிகளில் A பக்க எண், F டெபிட் என்றால்:

```
=ROUND(K7+SUMIFS(F:F,A:A,J7)-L7,2)
```

எல்லாப் பக்கத்துக்கும் பூஜ்யம் வர வேண்டும். ஏழாம் பக்கத்தில் மட்டும் -6,500 வந்தது. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்து ஐந்தே நிமிடத்தில் தொலைந்த லாரியைக் கண்டுபிடித்தேன். அந்த வரிகளை அழித்திருந்தால் 38 பக்கத்தையும் விரல் வைத்துத் தேடியிருக்க வேண்டும். கிரெடிட்டுக்கும் இதையே தனியாகப் போட வேண்டும். டெபிட்டில் குறைந்த தொகையே கிரெடிட்டில் கூடுதலாக நின்றால், ஏதோ ஒரு வரி நெடுவரிசை மாறி விழுந்திருக்கிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. பக்கத்தின் கடைசி வரியில் ‘லாரி வாடகை, தலைவாசல்’ என்று நிற்கும். ‘லோடு 2’ என்ற மிச்சம் அடுத்த பக்கத்தில் தலைப்பையும் பி/எஃப்பையும் தாண்டி, தேதியும் தொகையும் இல்லாமல் அநாதையாகக் கிடக்கும். தலைப்பு, சி/எஃப், பி/எஃப் மூன்றையும் எடுத்த பிறகுதான் அதை மேல் வரியோடு ஒட்ட வேண்டும். முன்பே ஒட்டினால் அது பி/எஃப் வரியோடு ஒட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்தே போய்விடும். தேதியும் அப்படித்தான். ஒரு நாளின் முதல் வரிக்கு மட்டும் தேதி போட்டு மற்றதைக் காலியாக விடுகிறார்கள். அவசரப்பட்டு மேலிருந்து கீழே நிரப்பினால், பக்கம் மாறும் இடத்தில் தேதிக்குப் பதில் ‘தேதி’ என்ற சொல்லே இறங்கி நிற்கும்.

இந்த இரண்டு தப்பையும் மேலே சொன்ன ஃபார்முலா பிடிக்காது. தொகை சரியாக இருந்தால் அது பூஜ்யம்தான் காட்டும். அதனால் 38 பக்கத்துக்கு 37 சந்திப்புகளையும் பிடிஎஃப்பைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கிறேன், ஒவ்வொரு மாதமும். அந்தக் கணக்கு மண்டிக் கம்ப்யூட்டரில் தலைப்பும் பி/எஃப்பும் இல்லாமல் ஒரே பட்டியலாகத்தான் இருக்கிறது. பிரிண்ட் போடும்போதுதான் இத்தனையும் நுழைகின்றன. தம்பி, அந்தப் பட்டியலை அப்படியே எக்செல்லாக எடுத்து அனுப்ப உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகுமா?