மணலை விட்டு ஓடுகிறேனா?

இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் நான், எம்பிஏ விண்ணப்பக் கட்டுரையை முதலில் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்: "ஆறு வருடத் தொழில்நுட்பப் பணிக்குப் பிறகு நிர்வாகத்துக்கு நகர விரும்புகிறேன்." கல்லூரி சீனியர் ஒருவர் படித்துவிட்டு, "டேய், மணலும் புகையும் போதும், ஏசி ரூமுக்குப் போறேன்னு எழுதியிருக்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். ஐஐஎம்களுக்கு விண்ணப்பிப்பவர்களில் பொறியாளர்கள் மலிந்து கிடக்கிறோம். சில ஐஐஎம்கள் மற்ற படிப்புக்காரர்களுக்குத் தனி மதிப்பெண்ணே தருகின்றன. இந்தக் கூட்டத்தில் நாம் செய்யும் பெரிய தப்பு, பார்த்த வேலையை ஒரு வரியில் முடித்துவிட்டு மீதிப் பக்கத்தை 'டீமை வழிநடத்தினேன்' என்று நிரப்புவது. அதைப் படிப்பவருக்கு, இவனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று மட்டும்தான் தெரியும்.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மணலைப் பற்றி எழுதினேன்.

எங்கள் ஃபவுண்டரி கோவைப் பக்கம் இருக்கிறது. மணலை அச்சாக்கி, அதில் உருகிய இரும்பை ஊற்றி பம்ப் உறைகள் வார்க்கிறோம், அந்த மணலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். போன வருடம் 25 கிலோ உறை ஒன்றுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. இரண்டு மாதத்தில் ரிஜெக்‌ஷன் 18 சதவீதத்தைத் தொட்டது. எல்லாம் புளோ ஹோல், அதாவது வாயு சிக்கி உண்டாகும் குழி. மேலே பார்த்தால் வார்ப்பு சுத்தமாக இருக்கும். வாடிக்கையாளர் மெஷினில் ஏற்றி ஒரு சுற்று கடைந்ததும் தோலுக்கடியில் வழவழப்பான குழி தெரியும். உறையின் உட்குழிவுக்காக அச்சுக்குள் வைக்கும் கோர் சரியில்லை என்றார்கள், உருக்குபவர் சரியில்லை என்றார்கள். நான் நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஷிஃப்ட்டின் முதல் மணியில் வார்த்தவை நன்றாக இருந்தன, நாலாவது மணிக்கு மேல்தான் கெட்டன. திரும்பி வரும் மணலில் தெர்மாமீட்டரைக் குத்தினால் காலையில் 35 டிகிரி, மதியம் 60.

களிமண்ணும் தண்ணீரும் கலந்த இந்த ஈர மணல், எங்கள் பேச்சில் பச்சை மணல், சுமார் 50 டிகிரியைத் தாண்டினாலே தொல்லைதான். மிக்சரில் அளந்து விட்ட தண்ணீர் மோல்டிங் மெஷினுக்கு வருவதற்குள் ஆவியாகி, குளிர்ந்த கோர் மேல் வியர்வை மாதிரிப் படியும். அதன்மேல் உருகிய இரும்பு பட்டால் நீராவி, நீராவி போகுமிடம் குழி. மணல் ஏன் சுட்டது? சின்ன வார்ப்புகளில் ஒரு கிலோ இரும்புக்குப் பத்து கிலோ மணல் இருக்கும், இதில் நாலுதான். அதே சூட்டைக் குறைந்த மணல் சுமக்கிறது. அதையும் ஷிஃப்ட் முழுக்கத் தொடர்ந்து வார்த்தோம்.

தீர்வு எளிது: கனமான உறைக்கு நடுநடுவே சின்ன வார்ப்புகளைப் போட்டு மணலை ஆறவிடுவது. இரண்டு நாள் போட்டுப் பார்த்ததில் ரிஜெக்‌ஷன் 5 சதவீதத்துக்கு இறங்கியது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. மணலில் வடிவம் பதிக்கும் பேட்டர்னை நாலு முறை கூடுதலாக மாற்ற ஒரு மணி நேரம் போகிறது. ஷிஃப்ட்டுக்கு 480 அச்சு 420 ஆகிறது. மோல்டிங் ஆட்களுக்கு இன்சென்டிவ் அச்சுக் கணக்கில், அது நல்லதா கெட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் மறுத்தார்கள், நியாயம்தானே! முதலாளி கணக்குப் போட்டார்: "முன்னாடி நல்லது 394, இப்ப 399. இதுக்குப் போய் ஆளுங்களைக் கிளறணுமா?"

ஷிஃப்ட்டுக்கு 65 உறைகள் குறைவாகக் கெடுகின்றன, அதாவது 1,600 கிலோவை மறுபடி உருக்க வேண்டியதில்லை. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் டன்னுக்கு 600 யூனிட் என்றாலும் ஷிஃப்ட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் யூனிட் மின்சாரம். அதுவரை எனக்குச் சொல்லத் தெரிந்தது. குறையும் கூலியை எப்படி ஈடுகட்டுவது, நல்ல வார்ப்புக்கு இன்சென்டிவ் என்றால் உருக்குபவர் தப்புக்கு மோல்டிங் ஆள் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று கேட்டபோது விழித்தேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வார்ப்பைக் கிலோ விலைக்கு விற்கிறோம். அந்தக் கணக்கில் கனமான உறை லாபமாகத் தெரியும், மணல் சுடுவது விலையில் எங்கேயும் இல்லை.

கட்டுரையில் இதைத்தான் எழுதினேன். எனக்கு விடை தெரியாத கேள்விகள் உட்பட.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சாண்ட் கூலர் வாங்கினா முடிஞ்சுதே, அதுக்கு எதுக்கு எம்பிஏ?" கூலர் வாங்கலாம் சார், ஆனால் அடுத்த கனமான ஆர்டரையும் அதே கிலோ விலைக்குத்தான் எடுப்போம், அப்போது கூலரும் போதாது என்றேன். பேப்பரை நீட்டி மணல் சுற்றை வரையச் சொன்னார். அப்புறம் பாதி நேரம் அதிலேயே போனது. தலைமைப் பண்பு பற்றித் தயாரித்து வைத்திருந்த பதிலை யாரும் கேட்கவே இல்லை.

முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் 40 கிலோ உறை ஒன்றுக்கு விசாரிப்பு வந்திருக்கிறது. விலை கொடுப்பதற்கு முன்னால் சேல்ஸ்காரர் எனக்குப் போன் செய்து, "தம்பி, இதுக்கு மணல் எவ்வளவு போகும்?" என்று கேட்டார்.