நிழல் நகரும் சார், அதான் எழுப்பி உட்கார வச்சாங்க

வெள்ளிக்கிழமையிலிருந்து சுற்றும் அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் அல்சூர் பக்கம், மரத்தடி, ஆறாம் வகுப்பு. எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களும் கமெண்டில் எழுத வேண்டாம். நாற்பது நொடி வீடியோ. அதில் டீச்சர் பிள்ளைகளை எழுப்பி, தார்ப்பாயை இழுத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி உட்கார வைக்கிறார். மேலே ஒரு வரி: "பாடம் நடத்துறாங்களா, மியூசிக்கல் சேர் ஆடுறாங்களா?" கீழே 400 சிரிப்பு. ஒருவர் இன்னும் மேலே போய், "டீச்சர் மேல வெயில் பட்டுச்சாம், அதுக்குப் பிள்ளைங்கள எழுப்புறாங்க" என்கிறார்.

நிழல் நகரும் சார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவ்வளவுதான் என்று விட்டால் உங்களுக்குப் புரியாது போலிருக்கிறது, அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

இது செப்டம்பர் கடைசி. ராத்திரி மழை, வகுப்பறைக் கூரை ஒழுகி தரையெல்லாம் தண்ணீர், காலையில் பளிச்சென்று வெயில். பெங்களூரில் இந்த மாதம் அப்படித்தான். இந்த நாட்களில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12:12-க்கு. அதற்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 9:15 வாக்கில், சூரியன் கிட்டத்தட்ட 45 டிகிரி உயரத்தில் கிழக்கே இருக்கும். மரத்தின் குடை தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் மேற்கே தள்ளி அதன் நிழல் விழும். வீடியோவில் இருப்பது புங்கமரம், இங்கே ஹொங்கே என்பார்கள். அதன் குடையின் நடுப்பகுதி 6 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 9:15-க்கு நிழலின் நடு அடிமரத்திலிருந்து 6 மீட்டர் மேற்கே. 10 மணிக்குப் பார்த்தால் 4 மீட்டர்தான். ஒரே ஒரு பீரியடில் நிழல் இரண்டு மீட்டர் அடிமரத்தை நோக்கி நகர்ந்துவிட்டது.

குடை எட்டு மீட்டர் அகலமான பெரிய மரமாக இருந்தால் இது பிரச்சினையே இல்லை. 9:15 நிழலும் 10 மணி நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் ஆறு மீட்டர் கிடைக்கும். அங்கே உட்கார வைத்தால் பீரியட் முடியும்வரை யாரும் எழ வேண்டாம். வீடியோவில் இருப்பது சின்ன மரம். குடை ஐந்து மீட்டர் இருந்தால் அதிகம். பொது இடம் மூன்று மீட்டருக்கும் குறைவு. வகுப்பில் 28 பிள்ளைகள். சம்மணம் போட்டு உட்கார ஒரு பிள்ளைக்கு 70 சென்டிமீட்டர் அகலம் வேண்டும், நோட்டை மடியில் வைக்க முன்னால் 80 சென்டிமீட்டர் வேண்டும். ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு வரிசைக்கு ஏழு பேர், நாலு வரிசை. அதுவே மூன்றேகால் மீட்டர் ஆழம். டீச்சர் நிற்க இன்னும் ஒன்றரை. மூன்றுக்குள் ஐந்தைத் திணிக்க முடியுமா? முடியாது. அப்போது என்ன செய்ய வேண்டும்? எழுப்பி நகர்த்த வேண்டும். அதைத்தான் அவர் செய்தார்.

சும்மா தோன்றினபோது எழுப்பவும் இல்லை. மறுபடி வீடியோவைப் பாருங்கள், தார்ப்பாய் ஓரத்தில் மண்ணில் நாலு செங்கல் துண்டு கிடக்கும். "குப்பை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குப்பை இல்லை அம்மா. முந்தின நாள் இதே நேரத்தில் நிழலின் ஓரத்தில் இரண்டு துண்டு, பீரியட் முடியும் நேரத்து ஓரத்தில் இரண்டு துண்டு வைப்பது. ஒரு நாளில் நிழல் மாறுவது மிகக் கொஞ்சம், நேற்றைய குறி இன்றைக்குச் செல்லும். அந்தக் குறியைப் பார்த்துப் பாடத்தையே இரண்டாக உடைப்பார்கள். உட்கார ஐந்து நிமிடம், டீச்சர் பேசுவது பதினைந்து, அங்கே ஒரு நகர்வு, பிறகு நாலு நாலு பேராகக் குழு வேலை இருபது நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் சரிபார்ப்பு. பேச்சு முடிந்து குழுவாகப் பிரிய எப்படியும் எழத்தானே வேண்டும்? அப்படி எழுந்திருக்கும்போதே தார்ப்பாயையும் இழுத்துவிடுவது. உங்கள் நாற்பது நொடி அதுதான்.

இப்போது "டீச்சர் மேல வெயில்" விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது.

காலையில் சூரியன் கிழக்கே. பிள்ளைகள் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால், நிழலிலேயே இருந்தாலும் எதிரே வெளிச்சம் கண்ணைக் கூசும், டீச்சர் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார், வாய் அசைவு தெரியாது. அதனால் பிள்ளைகள் அடிமரத்துக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து உட்கார வேண்டும். டீச்சர் மேற்கு ஓரத்தில் நிற்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் வாங்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் இருந்தால் இரட்டை லாபம், குரலைப் பிள்ளைகள் பக்கம் திருப்பித் தரும். செப்டம்பரில் இங்கே காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான், அதுவும் குரலைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகும்.

நிழல் எந்தப் பக்கம் சுருங்குகிறது என்று மேலே சொன்னேன்? அடிமரத்தை நோக்கி, கிழக்கே. அப்படியென்றால் முதலில் வெயில் விழும் இடம் எது? மேற்கு ஓரம். டீச்சர் நிற்கும் இடம். ஒழுங்காகத் திட்டம் போட்ட எந்த மரத்தடி வகுப்பிலும் முதல் வெயில் டீச்சர் தலையில்தான் விழும். அவர் தலையில் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் முதல் வரிசையில் விழும். நீங்கள் "தன்மேல் வெயில் பட்டதும் எழுப்பினார்" என்று எழுதியது உண்மைதான். அதுதான் அவருடைய அலாரம்.

"எங்க காலத்துல மரத்தடியிலதான் படிச்சோம், இவ்வளவு அலட்டல் இல்லையே" என்று நாலைந்து பெரியவர்கள். சரிங்க ஐயா, படித்தீர்கள். ஆலமரமா அரசமரமா? அதன் குடை எத்தனை மீட்டர்? ஊர் மரத்தடி வேறு, இரண்டு பக்கமும் பில்டிங் வேலை நடக்கும் சந்தில் இந்த ஒற்றைப் புங்கமரம் வேறு. சாந்திநிகேதனை இழுத்தவருக்கும் இதே பதில்தான். தாகூர் 1901-ல் அங்கே பள்ளி தொடங்கியது மரத்தடியைத் தேர்ந்தெடுத்து, ஒழுகுகிற கூரைக்குப் பயந்து இல்லை.

"போர்டு இல்லாம என்ன பாடம்?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். இலைகளுக்கு நடுவே விழும் பொட்டுப் பொட்டான வெளிச்சம் கரும்பலகையில் பட்டால் எழுத்தும் பொட்டும் கலந்து ஒன்றும் படிக்க முடியாது. வெள்ளை போர்டு இன்னும் மோசம், கண்ணாடி மாதிரி பளபளக்கும். சுருட்டும் கரும்பலகையைத் தொங்கவிட்டால் காற்றில் படபடக்கும், கீழ் ஓரத்தில் ஒரு பிவிசி பைப்பைக் கோத்தால்தான் நிற்கும். அதைவிட, நாலு பேருக்கு ஒரு சிலேட்டு கொடுத்து டீச்சர் சொல்வதை அவர்களே எழுதிக் காட்டுவது எளிது. வீடியோவில் ஏழு சிலேட்டு இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

"கத்திப் பேசினா ஆச்சு" என்கிறவர்களுக்கு: முதல் வரிசை டீச்சரிடமிருந்து ஒன்றரை மீட்டர், கடைசி வரிசை நாலரை மீட்டர். மூன்று மடங்கு தூரம். வெட்டவெளியில் ஒலியின் வலு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அறைக்குள் நாலு சுவரும் கூரையும் குரலைத் திருப்பிக் கொடுக்கும், இங்கே ஒற்றைச் சுவர். கத்தினால் இரண்டாவது பீரியடில் தொண்டை கட்டும், அவ்வளவுதான். அதனால்தான் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

நிழல் நகரும் என்பதை நம்பாதவர்களுக்கு ஒரு கதை. தோழி ஒருவர் வேறொரு பள்ளியில் இதையே பாடமாக எடுத்தார். ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலை அள, கொடிக்கம்பத்தின் நிழலை அள, விகிதம் போட்டு உயரம் கண்டுபிடி. (மரத்தை அளக்கச் சொல்லவில்லை, கெட்டிக்காரர். மர நிழலின் ஓரம் உச்சிக் கிளையுடையதாக இருக்காது, பக்கக் கிளையுடையதாக இருக்கும்.) கம்பம் 6 மீட்டர். ஒரு குழு 9:15 வாக்கில் குச்சியின் நிழலை அளந்தது, 1.05 மீட்டர். டேப் இன்னொரு குழுவிடம் இருந்ததால் எட்டு நிமிடம் காத்திருந்து கம்பத்தின் நிழலை அளந்தது, 5.90. வகுத்தால் 5.62 மீட்டர். இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்த குழுவுக்கு 6 வந்துவிட்டது. முதல் குழுப் பிள்ளைகள் மூன்று தடவை வகுத்துப் பார்த்தார்கள். வகுத்தல் சரி. எட்டு நிமிடத்தில் குச்சி நிழலே ஆறேழு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது, அதுதான் கம்பத்தில் 38 சென்டிமீட்டர் பிழையாக நின்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியவர்கள் 400 பேர் சிரிக்கிறீர்கள்.

"மரத்தடி ஆபத்து, கிளை விழுந்தா?" என்ற கவலைக்கு நன்றி. மழை பெய்த மறுநாள் முதல் வேலை அண்ணாந்து பார்ப்பதுதான். இலையில்லாத காய்ந்த கிளை தலைக்கு மேலே இருந்தால் அந்த மரம் வேண்டாம். தேன்கூடு இருந்தாலும் வேண்டாம். அடிமரத்தில் எறும்புச் சாரி ஏறினால் தார்ப்பாயை ஒரு மீட்டராவது தள்ளிப் போடு. இடிச் சத்தம் ஒருமுறை கேட்டாலும் பாடம் முடிந்தது, எல்லோரும் ஒழுகினாலும் கட்டடத்துக்குள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. இதெல்லாம் அந்த டீச்சருக்குத் தெரியும். "முதல்ல கூரையைச் சரி பண்ணச் சொல்லுங்க" என்பவர்களே, சொல்லாமலா இருக்கிறார்கள்? மனு கொடுத்த நகல் அவர் பையில் இருக்கிறது. அதற்கு யாரும் வீடியோ எடுப்பதில்லை.

கடைசியாக, வீடியோ போட்ட சாருக்கு. டீச்சரைக் கேலி செய்தீர்கள், சரி, அவர் பெரியவர், தாங்கிக்கொள்வார். காம்பவுண்டுக்கு வெளியே நின்று, மொபைலை ஜூம் பண்ணி, யாரிடமும் கேட்காமல் எடுத்திருக்கிறீர்கள். 28 பிள்ளைகளின் முகமும் தெரிகிறது. இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று பாவாடையில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டுகிறாள், அதை நிறுத்தி வேறு காட்டியிருக்கிறீர்கள். அவள் அப்பா இன்னும் பார்க்கவில்லை. இன்றைக்கே எடுத்துவிடுங்கள் சார்.