லண்டன் தீர்ப்பு திருப்பூர் சொத்தைத் தொடுமா?

"லண்டன் கோர்ட்ல தீர்ப்பு வந்தா வரட்டுங்க, திருப்பூர்ல இருக்கற சொத்த அவங்க தொட முடியாது."

தவறு. இதை நம்பிச் சம்மனைக் குப்பையில் போடுகிறவர்களை நினைத்தால் பதறுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு, பிரிட்டன் உயர் நீதிமன்றப் பணத்தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றம் வழங்கியது போலவே நிறைவேற்றச் சொல்கிறது. 2020 முதல் அமீரகத் தீர்ப்புக்கும் இதே வழி.

ஒரு பனியன் ஏற்றுமதியாளர் மீது லண்டனில் தீர்ப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். வழக்கில் வென்றவர், தீர்ப்பின் சான்றிட்ட நகலையும், இதுவரை எவ்வளவு வசூலானது என்று அந்த நீதிமன்றம் தரும் சான்றிதழையும் திருப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார். புது வழக்கு வேண்டாம். அடுத்தது வங்கிக் கணக்கு, நிட்டிங் மெஷின், கட்டடம் என ஜப்திதான்.

தடுக்க 13ஆம் பிரிவு உண்டு. சம்மன் வராதது, மோசடி, ஆதாரத்தை ஆராயாமல் ஆஜராகாததற்காகவே தந்த தீர்ப்பு ஆகியவை அதில் அடங்கும். ஆனால் நீங்கள் போகாவிட்டாலும் நீதிபதி இன்வாய்ஸையும் சாட்சியத்தையும் பார்த்து எழுதியிருந்தால், அந்தக் கடைசி வாதம் எடுபடாது.

அமெரிக்கா போல, 44ஏ பிரிவுக்குள் வராத நாடுகளின் தீர்ப்புக்கு இங்கே தனி வழக்கு போடவேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே லண்டன் நடுவர் தந்த தீர்ப்பாக இருந்தால், 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வருவார்கள்.